இரண்டு சர்க்கரை டப்பா, அரைக் கிலோ வர்க்கி, நிறைய எறும்பு

தீபாவளிக்குக் கோபிக்குப் போய்விட்டு நாலாம் நாள் ராத்திரிதான் குன்னூர் திரும்பினோம். மேட்டுப்பாளையத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. பர்லியாறு தாண்டியதும் மூட்டம் இறங்கி, பஸ் ஊர்ந்து ஊர்ந்து ஏறியது. வீட்டுக்குள் வந்ததும் பிள்ளைகளைப் படுக்கப் போட்டுவிட்டு, ஒரு கிளாஸ் டீ குடித்தால்தான் உயிர் வரும் என்று அடுப்புப் பக்கம் இருந்த சர்க்கரை டப்பாவைத் திறந்தேன். உள்ளே சர்க்கரை நகர்ந்துகொண்டிருந்தது. தலை மட்டும் கறுத்து உடம்பு வெளிறிய பொடி எறும்பு. ஒவ்வொன்றாகப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. மொத்தமாகச் சேர்ந்தபோது டப்பாவே நெளிவதுபோல இருந்தது.

குன்னூரில் எங்களுக்குப் பெரிய மழை ஐப்பசி கார்த்திகையில்தான். மண் நனைந்து புற்றுக்குள் தண்ணீர் இறங்கியதும் எறும்பெல்லாம் சுவருக்குள் குடி வந்துவிடும். அந்த நேரம் பார்த்து நாலு நாள் வீட்டைப் பூட்டிப் போட்டு, தீபாவளிப் பலகாரத்தையும் அலமாரியில் வைத்துவிட்டுப் போனால் கேட்கவா வேண்டும்! விளக்கைப் போட்டு ஒவ்வொன்றாகத் திறந்தேன். அடுப்புப் பக்கத்து சின்ன டப்பாவில் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகச் சர்க்கரை. மேல் தட்டில் பெரிய டப்பா, அதில் இரண்டு கிலோ. அரைக் கிலோ வர்க்கிப் பொட்டலம், நூல் கட்டு தளர்ந்து கிடந்தது. ஒரு டப்பா மைசூர்பாகு. சிங்க் பக்கத்தில் அட்டைப் பெட்டியில் பால்கோவா. கவர் பிரித்துப் பாதி தின்ற க்ரீம் பிஸ்கட். ஊரிலிருந்து போன மாதம் கொண்டுவந்த நாட்டுச் சர்க்கரை ஒரு பாட்டில். எல்லாவற்றிலும் எறும்பு.

அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மாவிடம் எப்போதும் ஒரே வைத்தியம்தான். "தட்டுல கொட்டி வெயில்ல வை, தானா ஓடிரும். நாலஞ்சு வயித்துக்குள்ள போனாலும் ஒண்ணுமில்ல, கண்ணு நல்லாத் தெரியும்." கோபியில் இது பலிக்கும். எறும்புக்குச் சூடு ஆகாது, பத்து நிமிஷத்தில் தட்டு காலியாகிவிடும். குன்னூரில் அன்றைக்கு வெயிலைப் பார்த்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

மறுநாள் காலையில் எதிர்வீட்டு ஆயாவிடம் புலம்பினேன். ஆயா கண்டிப் பக்கம் பிறந்து, சின்ன வயதில் தாயகம் திரும்பி வந்து, இங்கே டீத்தோட்டத்தில் கொழுந்தெடுத்தே வயதானவர். நாங்கள் சர்க்கரை என்பது அவருக்குச் சீனி. எங்கள் பாட்டில் அவருக்குப் போத்தல். நான் எல்லாவற்றையும் கொட்டப்போகிறேன் என்றதும், "இந்தா புள்ள, அவசரப்பட்டுக் கொட்டாத. எறும்பு எங்கிட்டிருந்து வருதுன்னு மொதல்ல பாரு" என்றார்.

அதைத்தான் நான் அதுவரை பார்க்கவே இல்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு வரிசையைப் பின்னோக்கிப் பிடித்துப் போனேன். வீட்டில் ஓடியது ஒரு வரிசை இல்லை, இரண்டு. ஒன்று ஜன்னல் சட்டத்தின் விரிசலில் நுழைந்து, சுவரோடு இறங்கி, வர்க்கிக்கும் இரண்டு சர்க்கரை டப்பாவுக்கும் மைசூர்பாகுக்கும் பிரிந்து போனது. வெளியே போய்ப் பார்த்தால் அது ஜன்னலை ஒட்டிப் படர்ந்த மேரக்காய்க் கொடியிலிருந்து வந்தது. கொடியின் தளிரில் அசுவினி அப்பியிருந்தது. அசுவினி கழிக்கும் இனிப்பு நீரைக் குடிக்க வந்த எறும்பு, மழைக்கு ஒதுங்கி வீட்டுக்குள் வந்திருக்கிறது. இரண்டாவது வரிசை சிங்குக்கு அடியில், கழிவுக் குழாய் சுவருக்குள் போகும் ஓட்டையிலிருந்து கிளம்பியது. நடுவே மல்லாந்து செத்துக்கிடந்த ஒரு கரப்பானைச் சுற்றி மொய்த்துவிட்டு, நேராகப் பால்கோவாப் பெட்டிக்குள் ஏறியது.

இந்த இரண்டு வரிசைக்கும் உள்ள வித்தியாசம்தான் விஷயமே. எறும்பின் உடம்பில் நமக்குக் கெடுதல் செய்யும் அளவுக்கு விஷம் கிடையாது. பலருக்கும் தெரிந்த ஃபார்மிக் அமிலம் எல்லா எறும்பிலும் இருப்பதில்லை. இருக்கும் எறும்பிலும் அது துளியில் துளி. தெரியாமல் நாலு எறும்பு வயிற்றுக்குள் போனால் உடம்பு நன்றாக இருக்கிறவருக்கு ஒன்றும் ஆகாது, அதில் அம்மா சொன்னது சரி. (கண் தெரிவது பற்றி எனக்குக் கருத்து இல்லை. நான் சின்ன வயதில் நிறையத் தின்றிருக்கிறேன், இப்போது கண்ணாடி போட்டிருக்கிறேன்.) கவலை எறும்பு பற்றி அல்ல, அதன் காலைப் பற்றித்தான். சாக்கடையிலும் செத்த பூச்சியிலும் நடந்த காலோடு அது நம் பலகாரத்தில் நடக்கிறது. இங்கிலாந்தில் மருத்துவமனைகளில் திரிந்த பொடி எறும்புகளை ஆராய்ந்து, அவை நோய்க்கிருமிகளைச் சுமந்து திரிகின்றன என்று 1972-லேயே எழுதியிருக்கிறார்கள். மேரக்காய்க் கொடியில் நடந்த எறும்பும் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கழிவுக் குழாயில் நடந்ததற்கும் அதற்கும் நான் ஒரே தீர்ப்பு கொடுக்க மாட்டேன்.

பால்கோவாவை அப்படியே குப்பைக்கு அனுப்பினேன். அதற்கு எறும்பு மட்டும் காரணம் இல்லை. பால்கோவாவில் ஈரம் இருக்கிறது, பால் இருக்கிறது. எறும்பின் காலில் வந்த கிருமி ஒன்று இரண்டாக, இரண்டு நாலாகப் பெருக அது போதும். உலர்ந்த சர்க்கரையிலோ மொறுமொறுப்பான பிஸ்கட்டிலோ அப்படிப் பெருக முடியாது, ஏனென்றால் கிருமிக்கு வேண்டிய தண்ணீரை அவை கொடுப்பதில்லை. நாலு நாள் வெளியே கிடந்த பால்கோவாவை எறும்பு ஏறாமல் இருந்திருந்தாலும் நான் தின்னக் கொடுத்திருக்கக் கூடாது. குலாப்ஜாமூன், கேக், ஈரமான அல்வா எல்லாம் இதே கணக்குதான். எறும்பைத் தட்டிவிட்டுத் தின்னும் பண்டங்கள் அல்ல.

க்ரீம் பிஸ்கட்டில் எறும்பு க்ரீமுக்குள் புதைந்துகொள்ளும், தட்டினாலும் வராது. பத்து ரூபாய்ப் பொருளுக்கு யோசிக்க வேண்டாம் என்று அதையும் போட்டுவிட்டேன்.

அடுத்தது பெரிய சர்க்கரை டப்பா. இதில்தான் நான் ஏமாறப் பார்த்தேன். திறந்தபோது முதலில் நிம்மதியாக இருந்தது. எறும்பு ஓடவில்லை, எல்லாம் செத்துக் கிடந்தது. பொறுக்கிப் போட்டுவிட்டால் முடிந்தது என்று முறத்தை எடுக்கப் போனேன். அப்புறம்தான் உறைத்தது. சின்ன டப்பாவில் எல்லாம் உயிரோடு ஓடுகிறது. இதில் மட்டும் ஏன் செத்துக் கிடக்கிறது? உலர்ந்த சர்க்கரையில் எறும்பு நாலு நாளில் கொத்தாகச் சாகாது. தின்னும், தூக்கும், போய்க்கொண்டே இருக்கும். டப்பாவைத் தூக்கிப் பார்த்தேன். தட்டின் விளிம்பில் வெள்ளைக் கோடு.

"ஊருக்குப் போறமேன்னு நான்தான் எறும்பு சாக்பீஸ் போட்டுட்டு வந்தேன்" என்றார் வீட்டுக்காரர், பெரிய உபகாரம் செய்த குரலில்.

கோடு தட்டின் விளிம்போடு நிற்கவில்லை. டப்பாவின் அடியைச் சுற்றியும், பத்தாததற்கு மூடியைச் சுற்றியும் போட்டிருந்தார். மூடியைத் திறக்கும்போது பொடி எங்கே விழும்? உள்ளேதான். எறும்பும் அந்தக் கோட்டில் நடந்து, காலில் பொடியோடு உள்ளே போய்ச் செத்திருக்கிறது. இந்த சாக்பீஸில் பெரும்பாலும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் வகைப் பூச்சிமருந்து இருக்கும். எறும்புக் காலில் ஒட்டிய பொடி பெரியவர்களை ஒன்றும் செய்யாமல் போகலாம். மூடியிலிருந்து எவ்வளவு உதிர்ந்தது என்று யாருக்குத் தெரியும்? பொடியும் வெள்ளை, சர்க்கரையும் வெள்ளை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். இந்த மருந்து சூட்டுக்கு அவ்வளவு சுலபத்தில் அழியாது. காய்ச்சி வடிகட்டினாலும் போகும் என்று நம்ப முடியாது.

இரண்டு கிலோவையும் கொட்டினேன். வயிறு எரிந்தது. கோழி, நாய் எதுவும் வாய் வைக்காதபடி கவரில் கட்டித்தான் போட்டேன். டப்பாவைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, தட்டையும் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் தூக்கிப் போட்டேன். அன்றிலிருந்து செத்த எறும்பைப் பார்த்தால்தான் எனக்கு அதிக பயம். யாராவது மருந்து போட்டார்களா என்று வீட்டில் எல்லாரையும் கேட்காமல் எதையும் பொறுக்க மாட்டேன். போரிக் பவுடரைச் சர்க்கரையில் கலந்து பொறி வைக்கும் வீடுகளில் இன்னும் கவனம் வேண்டும். அந்தப் பொறியைத் தின்ற எறும்பு உடனே சாகாது, அங்கே தின்றுவிட்டு இங்கே வந்து சாகும். அந்தக் கலவைக் கிண்ணத்தையே சர்க்கரைக் கிண்ணம் என்று நினைத்து டீயில் போட்டுவிடவும் கூடும்.

சின்ன டப்பாவில் எல்லாம் உயிரோடு, சுறுசுறுப்பாக இருந்தது. அடுப்புப் பக்கம் கோடு எதுவும் இல்லை என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். இது மேரக்காய்க் கொடி வரிசை. சர்க்கரை மட்டும் லேசாகப் பிசுபிசுத்தது. காற்றில் ஈரம் 85 சதவீதத்தைத் தாண்டினால் சர்க்கரை தானாகத் தண்ணீர் இழுக்கும். மூட்டம் இறங்கும் ஊரில் மூடி சரியில்லாத டப்பாவுக்கு அதுதான் கதி. வெயில் இல்லாததால் வேறு வழி யோசித்தேன். பெரிய தட்டில் மெல்லியதாகப் பரப்பினேன். புதிதாக எறும்பு ஏறக்கூடாதே என்று, பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் ஊற்றி, நடுவே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் தட்டை வைத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு மற்ற வேலையைப் பார்க்கப் போனேன்.

அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் ஒன்றுகூடக் குறையவில்லை. எல்லாம் தட்டின் விளிம்பில் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று விளிம்பில் நின்று மீசையைக் கீழே நீட்டிப் பார்க்கும், தண்ணீர் என்று தெரிந்ததும் திரும்பிச் சர்க்கரைக்குள் போய்விடும். வருகிற வழியை அடைத்தவள் போகிற வழியையும் சேர்த்து அடைத்திருக்கிறேன்.

விளக்குமாற்றிலிருந்து புது ஈர்க்குச்சி ஒன்றை உருவிக் கழுவி, தட்டின் விளிம்பிலிருந்து பேசின் விளிம்புக்குப் பாலம் போட்டேன். முதலில் ஒன்று ஏறியது, பாதியில் நின்றது, திரும்பியது. இன்னொன்று ஏறி அக்கரை போனது. அப்புறம் பார்க்க வேண்டுமே, ஒற்றை வரிசையில் கல்யாண ஊர்வலம் மாதிரி கிளம்பிவிட்டது. சிலது தன் தலையைவிடப் பெரிய சர்க்கரைப் பரலைத் தூக்கிக்கொண்டு போனது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். நடுநடுவே தட்டை லேசாகத் தட்டிக் கலைத்துவிட்டேன், கலைத்தால்தான் அது இடத்தைக் காலி செய்யும். முக்கால் மணி நேரத்தில் இருபதுக்கும் குறைவாகத்தான் மிச்சம். பேசினை முதலிலேயே ஜன்னல் பக்கம் வைத்திருந்தேன், அதனால் வெளியே போனது வந்த வழியே போய்விட்டது. அடுப்பு மேடையிலேயே வைத்திருந்தால் வர்க்கிப் பொட்டலத்துக்கு வழி காட்டினதாக ஆகியிருக்கும்.

இதற்கு முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எறும்புக் கூட்டத்துக்குள் அரிசி நொய்போல வெள்ளை வெள்ளையாக எதையாவது தூக்கிக்கொண்டு ஓடினால் அது முட்டையும் புழுவும். அப்படியானால் அது தீனிக்கு வரவில்லை, டப்பாவிலேயே குடித்தனம் நடத்துகிறது. தானாகப் போகாது. அந்தச் சர்க்கரையை நான் வைத்துக்கொள்ள மாட்டேன். என் தட்டில் அப்படி எதுவும் இல்லை.

மிச்சமிருந்த இருபதைப் பொறுக்க எனக்குப் பொறுமை இல்லை. சல்லடையும் உதவாது, சர்க்கரை விழும் கண்ணில் இந்தப் பொடி எறும்பும் விழுந்துவிடும். பாகாகக் காய்ச்சிவிட்டேன். எடை போட்டபோது 600 கிராம் இருந்தது. அதற்கு 300 மில்லி தண்ணீர். கரைந்து கொதி வரும்போது எறும்பும் தூசும் நுரையோடு மேலே வந்தது. பலகாரம் போடுகிறவர்கள் பாகில் அழுக்கெடுக்கச் செய்வதுபோல இரண்டு ஸ்பூன் பால் விட்டேன். பால் திரிந்து அழுக்கை எல்லாம் இழுத்துக்கொண்டு ஓரத்தில் ஒதுங்கும், கரண்டியால் வழித்தெடுத்துவிடலாம். அப்புறம் ஐந்து நிமிஷம் நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட்டு, சுத்தமான வேட்டித் துணியில் வடிகட்டி, மறுபடி சர்க்கரை பூக்காமல் இருக்க அரை மூடி எலுமிச்சை பிழிந்தேன். குன்னூர் உயரத்தில் வெறும் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், இங்கே பருப்பு வேக நேரமாவது அதனால்தான். சர்க்கரைப் பாகு அதைவிடச் சில டிகிரி மேலே போய்த்தான் கொதிக்கும். எறும்புக் காலில் வருகிற சாதாரணக் கிருமிக்கு இந்தச் சூடு போதும்.

முக்கால் லிட்டர் பாட்டிலில் கழுத்துக்குக் கீழே வரை வந்தது. பால் விட்டதால் ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு வாரத்துக்குள் தீர்த்தேன். ஒரு ஸ்பூன் சர்க்கரை போடும் இடத்தில் ஒரு ஸ்பூன் பாகு, கொஞ்சம் தாராளமாக. காய்ச்சும்போது ஒரு சந்தேகம் இருந்தது: இந்த வகைப் பொடி எறும்பை நசுக்கினால் கெட்டுப்போன தேங்காய் மாதிரி ஒரு வாடை வரும். பாகில் அந்த வாடை வந்தால் டீ பாழாகிவிடும். வரவில்லை. இருநூறு முந்நூறு எறும்போடு அப்படியே காய்ச்சியிருந்தால் வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன், அதனால்தான் முதலில் ஓட்டிவிட்டு அப்புறம் காய்ச்ச வேண்டும்.

நாட்டுச் சர்க்கரையில் சிக்கல் வேறு. அதன் நிறத்தில் எறும்பு தெரியவே தெரியாது, ஈரமும் அதிகம். ஒரு ஸ்பூன் எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்காமல் விட்டேன். சர்க்கரை கரைந்து அடியில் போனது, எறும்பு மேலே மிதந்தது. ஏழு. நல்ல சர்க்கரை என்று நினைக்கும் டப்பாவிலும் இந்தப் பரீட்சையைச் செய்து பார்க்கலாம், சில நேரம் திடுக்கிட வைக்கும். வெல்லத்தையே நாம் எப்படியும் கரைத்து, கொதிக்கவிட்டு, கல்மண் வடிகட்டித்தான் எடுப்போம். நாட்டுச் சர்க்கரைக்கும் அதே வேலையைச் செய்து அந்த வாரம் பணியாரத்துக்கு ஊற்றிவிட்டேன்.

இனி வர்க்கி. ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எறும்புக்கு அதெல்லாம் முன்பே தெரியும்போல. மைதா மாவை மடித்து மடித்துச் சுடுவதால் வர்க்கிக்குள் காகிதம்போல அடுக்கடுக்காக இருக்கும். அந்த ஒவ்வொரு அடுக்கும் எறும்புக்கு ஒரு மாடி வீடு. மேலே ஊதிவிட்டால் சுத்தமாகத் தெரியும்; கடித்தால்தான் உள்ளே இருந்தது நாக்கில் ஊரும். நான் ஒவ்வொன்றாக வெள்ளைத் தட்டின் மேல் தட்டினேன். ஐந்தாறு விழுந்தது. சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க ஒன்றை அடுக்கோடு பிளந்தால் உள்ளே இன்னும் மூன்று.

கனமான இரும்பு வாணலியைச் சூடாக்கி, அடுப்பை நன்றாகக் குறைத்து, வர்க்கியை ஒரே வரிசையாக, ஒன்றின்மேல் ஒன்று படாமல் வைத்தேன். சூடு அடுக்குக்குள் ஏற ஏற எறும்பு மேல் பக்கமாக வெளியே வந்தது. இடுக்கியால் எடுத்து மறுபடி தட்டில் தட்டினேன். திருப்பிப்போட்டு இன்னொரு இரண்டு நிமிஷம். மொத்தம் ஐந்து நிமிஷம்தான், அதற்கு மேல் விட்டால் சர்க்கரை கரிந்து கசக்கும். இதில் இன்னொரு லாபம், மழைக்கு நமுத்துப்போயிருந்த வர்க்கி ஆறியதும் பழையபடி மொறுமொறுவென்று ஆகிவிட்டது. பிளந்து பார்த்த பிறகே பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். சிக்கு வாடை அடித்திருந்தால் எறும்பே இல்லாவிட்டாலும் கொடுத்திருக்க மாட்டேன், அதில் டால்டா இருக்கிறது, பழசானால் கெட்டுவிடும்.

மைசூர்பாகு பதினோரு துண்டு இருந்தது. ஓட்டை ஓட்டையாக இருப்பதுதான் நல்ல மைசூர்பாகு, ஓட்டைதான் எறும்புக்கும் வசதி. வாணலியில் போட்டால் நெய் உருகிக் கூழாகிவிடும். ஒவ்வொன்றையும் இரண்டாக உடைத்துப் பார்த்தேன். நாலு துண்டில்தான் உள்ளே எதுவும் இல்லை. மீதி ஏழும் போனது. வீட்டுக்காரர் ஒரு துண்டை என் கண் முன்னாலேயே ஊதிவிட்டுத் தின்றார், அவர் இஷ்டம்.

ஆனால் என் மாமியாருக்கு இதில் எதையும் கொடுக்கவில்லை. அந்த வருஷம் அவருக்குக் கீமோ நடந்துகொண்டிருந்தது. எதிர்ப்பு சக்தி குறைந்திருக்கும் அந்த நேரத்தில், நமக்கு ஒன்றும் செய்யாத கிருமி அவர்களைப் படுக்கவைத்துவிடும். காய்ச்சிய பாகைக்கூட ஒதுக்கிவிட்டு, அவருக்கென்று புதுச் சர்க்கரைப் பொட்டலம் வாங்கி எவர்சில்வர் தூக்கில் போட்டு வைத்தேன். கைக்குழந்தை இருக்கும் வீட்டிலும் நான் இப்படித்தான் செய்வேன். எறும்பு கடித்தாலே உடம்பெல்லாம் தடித்து மூச்சு வாங்கும் ஆட்கள் உண்டு. அவர்களும் எறும்பு மொய்த்த பண்டத்தைத் தொட வேண்டாம். என் சின்னவன் ஒரு தடவை செவ்வெறும்பு இருந்த பிஸ்கட்டைக் கடித்து உதடு வீங்கி அழுதான். அது ஒரு மணி நேரத்தில் வற்றிவிட்டது. தொண்டையோ மூச்சோ அடைத்திருந்தால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன், நேராக ஆஸ்பத்திரிதான்.

எல்லாம் முடிந்த பிறகு டப்பாக்களை யோசித்தேன். திருகு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாதான் என் வீட்டில் அதிகம். இறுக்கித்தானே மூடினேன், எப்படிப் போனது என்று குழம்பினேன். ஒன்றைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தபோது விடை கிடைத்தது: மூடியின் மரை வழியே, சுழல் ஏணியில் ஏறுவதுபோல ஒரு எறும்பு சுற்றிச் சுற்றி உள்ளே போய்க்கொண்டிருந்தது. மரையில் ஒட்டியிருந்த சர்க்கரைத் தூள் அதற்கு வழிக்காசு. இப்போது ரப்பர் வளையம் வைத்து அழுத்தி மூடும் ஜாடி இரண்டு வாங்கிவிட்டேன். எடுத்த பிறகு வாயைத் துடைத்துவிட்டுத்தான் மூடுகிறேன்.

தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவே டப்பாவை வைக்கும் பழைய வழியும் நல்லதுதான். ஆனால் டப்பா சுவரில் சாய்ந்தால் முடிந்தது. தண்ணீரின் மேல் தூசியோ எண்ணெயோ படிந்தால் பொடி எறும்பு அதன்மேல் நடந்தே வந்துவிடும். ஒரு சொட்டுச் சோப்புத் தண்ணீர் கலந்தால் மிதக்க முடியாமல் முங்கிவிடும். கொசு முட்டையிடாமல் இருக்க இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். ஆயா சொன்ன கிராம்பையும் போட்டுப் பார்த்தேன். பாதி வேலை செய்தது. டீ முழுக்கக் கிராம்பு மணத்தது. சுவரில் ஓடிய தடத்தைச் சோப்புத் தண்ணீரால் அழுத்தித் துடைத்ததுதான் உருப்படியான பலன் தந்தது. எறும்பு போகிற வழியில் மணம் வைத்துவிட்டுப் போகும். அதை அழிக்காமல் எறும்பை மட்டும் நசுக்கினால் அடுத்த கூட்டம் அதே வழியில் வரும்.

ஜன்னல் விரிசலில் வெள்ளை சிமெண்ட் வைத்து அடைத்தேன். கழிவுக் குழாய் ஓட்டையையும் அடைத்தாயிற்று. மேரக்காய்க் கொடியை வெட்ட மனசு வரவில்லை, நன்றாகக் காய்க்கிறது. ஜன்னலைத் தொடாதபடி கயிறு கட்டி வேலிப் பக்கம் இழுத்துவிட்டு, தளிரில் இருந்த அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சி அடித்துக் கழுவினேன்.

அந்தப் பாகில் முதல் டீயை ஆயாவுக்குத்தான் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுல எறும்பா இருந்துச்சு? சொல்லாட்டி தெரியாது" என்றார். பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குச் சீனி வியாதி இருக்குன்னு ஒனக்குச் சொல்லலியோ?" என்று கேட்டார்.